சனி ராத்திரி சரக்கு, ஞாயிறு காலை லாங் ரன்: இடைப்பட்ட எட்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

கேள்வி: ஜனவரி சென்னை மாரத்தானுக்குத் தயாராகிறேன், வாரம் 70 கி.மீ. ஓடுகிறேன். வயது 34, எடை 68 கிலோ. சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு ஒரு குவார்ட்டர் பிராந்தி, சில வாரம் ரெண்டு ஸ்ட்ராங் பீர். ஞாயிறு காலை நாலரைக்கு லாங் ரன். படுக்கும் முன் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டால் போதுமா? இல்லை, ஓடி முடித்த பிறகு குடித்தால் பரவாயில்லையா?

பதில்:

தண்ணீர் போதாது. மது உங்களிடமிருந்து எடுப்பதில் தண்ணீர்தான் சின்னப் பங்கு. பெரிய இழப்பு தூக்கத்தில் இருக்கிறது, அதற்கடுத்தது சாப்பாட்டில். இரண்டாவது கேள்விக்கு, ஓடி முடித்த பிறகு குடிக்க ஓரளவு இடம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் குடிக்கும் நேரத்திலும் அளவிலும் அது அமையாது. எப்படி அமைக்கலாம் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் உங்கள் சனிக்கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். மில்லிக் கணக்கைக் கிராமாக மாற்றினால் அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் என்றால் ஒன்றில் சுமார் 40 கிராம், இரண்டில் 80. "பீர்தானே" என்று நினைத்துக் குடிக்கிற வாரத்தில்தான் நீங்கள் கூடுதலாகக் குடிக்கிறீர்கள்.

ஈரல் இதை ஒரே சீரான வேகத்தில்தான் எரிக்கும். உங்கள் எடைக்கு மணிக்குச் சுமார் 7 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். காபி, குளியல், எலுமிச்சைச் சாறு, வியர்க்க வியர்க்க ஓடுவது என்று எதைச் செய்தாலும் அந்த வேகம் சொல்லிக்கொள்ளும்படி கூடாது. எட்டு மணிக்கு முதல் பெக்கைத் தொட்டால், குவார்ட்டர் முழுவதும் உடம்பை விட்டுப் போக எட்டரை மணி நேரம் ஆகும். அதாவது நீங்கள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டு கிளம்புகிற நாலரை மணி. இரண்டு ஸ்ட்ராங் பீர் என்றால் காலை ஏழரை மணி. அந்த வாரம் லாங் ரன்னின் பெரும்பகுதியை மது இரத்தத்தில் இருக்கும்போதே ஓடி முடிக்கிறீர்கள்.

இதில் பலர் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. அந்த பீர் வாரத்தில் நாலு மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகருக்குக் கிளம்பும்போது, 100 மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும். நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 30. தூங்கி எழுந்துவிட்டதால் தெளிந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் ஊதச் சொன்னால் மாட்டுவீர்கள். ஓட்டத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

இப்போது தூக்கம். மது குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று பலர் சொல்வது பொய்யில்லை. படுத்ததும் தூங்கிவிடுவீர்கள். இரவின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கமும் குறையாது, சிலருக்குக் கூடவே கூடும். ஆனால் தூக்கம் வேறு, அந்தத் தூக்கத்தில் உடம்பு தேறுவது வேறு. சாதாரணமாக ஆழ்ந்த தூக்கத்தின் முதல் சுற்றில்தான் வளர்ச்சி ஹார்மோன் பெரிய அளவில் சுரக்கும். கடினப் பயிற்சி செய்த உடம்பு அதற்காகத்தான் காத்திருக்கும். மது குடித்த இரவில் ஆழ்ந்த தூக்கம் வந்தாலும் அந்தச் சுரப்பு அமுங்கிப்போகிறது. இதயமும் ஓய்வெடுப்பதில்லை. தூங்கியதும் நாடித் துடிப்பு இறங்கவேண்டும், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேர வேறுபாடு கூடவேண்டும். மது இருக்கும்வரை இரண்டுமே சரியாக நடக்காது. 2018-ல் பின்லாந்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேலை செய்பவர்களிடம் தூக்கத்தின் முதல் மூன்று மணி நேரத்தை அளந்து பார்த்தார்கள். கொஞ்சம் குடித்த இரவில் உடம்பு தேறும் அளவு 9 சதவீதம் குறைந்தது, நடுத்தரமாகக் குடித்த இரவில் 24 சதவீதம், அதிகமாகக் குடித்த இரவில் 39 சதவீதம். நன்றாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் இது பொருந்தியது. ஓடுகிறவன் என்பதால் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவருடைய கடிகாரத்தில் இதை நேராகவே பார்த்திருக்கிறேன். சாதாரண இரவில் அவருடைய நாடித் துடிப்பு படுத்த ஒரு மணி நேரத்தில் ஐம்பதுக்குக் கீழே இறங்கி, காலைவரை தரையோடு தரையாக ஓடும். கல்யாண வீட்டு ரிசப்ஷன் முடிந்து வந்த இரவில் கோடு அறுபத்தைந்திலேயே நின்றது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் சரியத் தொடங்கியது. அவர் தூங்கியது ஏழு மணி நேரம், நடுவில் எழுந்ததாக ஞாபகமும் இல்லை. ஆனாலும் இதயம் ஓய்வெடுத்தது கடைசி இரண்டு மணி நேரம்தான்.

இரவின் இரண்டாம் பாதியில் கதை மாறுகிறது. மது வடிய வடியத் தூக்கம் மேலோட்டமாகிவிடும். வியர்க்கும், நா வறளும், சிறுநீர் கழிக்க எழவேண்டியிருக்கும், கனவுத் தூக்கம் துண்டு துண்டாகும். தொண்டைத் தசைகள் தளர்வதால் குறட்டை விடுபவர்களுக்கு மூச்சும் தடைப்படும். உங்கள் கணக்கில் இது இன்னும் மோசம். பதினொன்றுக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்தால் மொத்தமே நாலரை மணி நேரம். அந்த நாலரை மணி நேரத்திலும் இரத்தத்தில் மது இருக்கிறது. மது இல்லாத தூக்கம் என்று ஒரு நிமிடம்கூட உங்களுக்குக் கிடைப்பதில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி, "தண்ணீரைப் பிடித்து வை" என்று சிறுநீரகத்திடம் சொல்லிக்கொண்டே இருக்கும். மது அந்த ஹார்மோனைத் தடுக்கிறது. அதனால்தான் இரண்டாவது பெக்குக்குள் பாத்ரூம் தேடுகிறோம். பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ 10 மில்லி கூடுதல் சிறுநீர். அப்படிப் பார்த்தால் உங்கள் குவார்ட்டருக்கு அரை லிட்டர், கொஞ்சம் மேலே. இதை ஈடுகட்டுவது கஷ்டமில்லை. பெக்குக்கு ஒரு டம்ளர் தண்ணீர், கூடவே உப்புள்ள சாப்பாடு, அவ்வளவுதான். சனிக்கிழமை காலையிலும் ஓடி வியர்த்து, அதைச் சரிசெய்யாமல் சாயங்காலம் உட்கார்ந்தீர்கள் என்றால்தான் காலையில் பெரிய பள்ளத்தோடு தொடங்குவீர்கள்.

"நிறையத் தண்ணீர்" என்று படுக்கும் முன் ஒன்றரை, இரண்டு லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். அதில் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும், ஏற்கெனவே உடைந்த தூக்கம் இன்னும் இரண்டு முறை உடையும். காலையில் பயந்துபோய் மறுபடியும் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஓடினால் இரத்தத்தில் சோடியம் இறங்கும் ஆபத்தும் இருக்கிறது. தாகத்துக்குக் குடியுங்கள், உப்பு சேர்த்துக் குடியுங்கள்.

தண்ணீரைவிட எனக்குக் கவலை தருவது சர்க்கரை. லாங் ரன்னுக்கு முந்தைய இரவு உங்கள் தட்டில் என்ன இருக்கவேண்டும்? சோறு, சப்பாத்தி, இடியாப்பம், உருளைக்கிழங்கு என்று மாவுச்சத்து. குடிக்க உட்கார்ந்த மேசையில் என்ன இருக்கும்? சில்லி சிக்கன், வேர்க்கடலை, ஆம்லெட். வயிறு நிறைந்துவிடும், வீட்டுக்கு வந்து சோறு இறங்காது. மதுவில் கிராமுக்கு 7 கலோரி இருப்பதால், குவார்ட்டரில் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து தசைக்குள் கிளைக்கோஜனாக ஒரு துளிகூடச் சேராது. நீண்ட தூரம் ஓட அந்தச் சேமிப்புதான் வேண்டும்.

அதோடு ஈரலின் வேலையும் தடைப்படுகிறது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருக்கும்போது ஈரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை இரத்தத்துக்கு விடும். சேமிப்பு குறைந்தால் புதிதாகவும் தயாரிக்கும். மதுவை எரித்துக்கொண்டிருக்கும் ஈரலால் இந்தப் புதுத் தயாரிப்பைச் சரியாகச் செய்ய முடியாது. வெறும் வயிற்றோடு நாலரைக்கு ஓடத் தொடங்கினால் இருபதாவது கிலோமீட்டர் பக்கம் கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் வரலாம். உடன் ஓடுபவர்கள் இதை "வெயில்" என்றோ "டீஹைட்ரேஷன்" என்றோ நினைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். தேவை சர்க்கரை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் முந்தின இரவு குடித்துவிட்டு லாங் ரன் போகவே கூடாது. அவர்களுக்கு இது மயக்கத்தில் போய் முடியும்.

ஓடி முடித்த பிறகு குடிப்பதைப் பார்ப்போம். நீங்கள் 30 கி.மீ. முடித்துவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள். டிசம்பர் காலையிலும் நம்மூர்ப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் வியர்க்கும். வழியில் குடித்தது போக எடை 68-லிருந்து 66.5 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒன்றரை கிலோவை ஈடுகட்ட, அடுத்த சில மணி நேரத்தில் சுமார் இரண்டு லிட்டர் உப்புள்ள திரவம் வேண்டும். நீர்மோர், ஓஆர்எஸ், ரசம் எல்லாமே சரி. 1997-ல் பிரிட்டனில் ஷிரெஃப்ஸும் மாகனும் செய்த ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். உடற்பயிற்சி செய்யவைத்து வியர்க்கவிட்டவர்களுக்கு வெவ்வேறு அளவு ஆல்கஹால் கலந்த பானங்களைக் கொடுத்தார்கள். 2 சதவீதம்வரை பெரிய வித்தியாசம் இல்லை. 4 சதவீதத்தில் சிறுநீர் கூடி, இரத்தத்தின் அளவு பழைய நிலைக்கு வருவது தாமதமாகும் போக்கு தெரிந்தது. இங்கே கிடைக்கிற லைட் பீரும் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான். முதலில் ஈடுகட்டவேண்டிய தண்ணீரை பீரால் ஈடுகட்ட முயலாதீர்கள்.

தசையின் கதை வேறு. 2014-ல் ஆஸ்திரேலியாவில் எட்டு ஆண்களைக் கடுமையாகப் பயிற்சி செய்யவைத்து, பிறகு புரதத்தோடு மது கொடுத்துத் தசைத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். புரதம் மட்டும் எடுத்தபோது நடந்த தசைப் புரத உருவாக்கத்தைவிட அது 24 சதவீதம் குறைந்திருந்தது. புரதமில்லாமல் மாவுச்சத்தோடு மது எடுத்தபோது 37 சதவீதம் குறைவு. அவர்களுக்குக் கொடுத்தது எடைக்குக் கிலோவுக்கு ஒன்றரை கிராம். உங்களுக்கு அது 100 கிராமுக்கு மேல் வரும், ஒரு குவார்ட்டரையும் தாண்டி இன்னொன்றில் முக்கால்வாசி போகவேண்டும். அதனால் அந்த எண்களை ஒரு பீருக்குப் பொருத்திப் பார்த்து மிரளவேண்டாம். நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது, புரதம் சாப்பிட்டாலும் பெரிய அளவு மதுவின் பாதிப்பை அது ஓரளவுதான் தாங்கும் என்பதை. கிளைக்கோஜன் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் ஆறுதலானது. சைக்கிள் வீரர்களிடம் செய்த ஆய்வில், சாப்பாட்டுக்குப் பதிலாக மது குடித்தபோது சேமிப்பு தெளிவாகக் குறைந்தது. முழுச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தபோது 24 மணி நேரத்தில் பெரிய குறை தெரியவில்லை. சேதத்தில் பெரும்பங்கு, மது உங்கள் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால்தான்.

ஆக, இந்தப் பயிற்சிக் காலத்தில் குடித்தே ஆகவேண்டும் என்றால் நான் சொல்லும் ஏற்பாடு இது. சனி இரவை விட்டுவிடுங்கள், நண்பர்களிடம் ஞாயிறு மதியத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து இட்லி, ஒரு வாழைப்பழம், இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். அடுத்த சில மணி நேரத்தில் அந்த இரண்டு லிட்டரைக் குடித்து முடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகி, எடை காலையில் கிளம்பியபோது இருந்ததற்கு அரை கிலோவுக்குள் வந்திருக்கவேண்டும். மதியம் ஒரு மணிக்கு வயிறாரச் சோறு. அதற்குப் பிறகு, இரண்டு மணி வாக்கில், 5 சதவீத பீர் ஒரு பாட்டில். அதில் சுமார் 26 கிராம், ஆறு மணிக்கெல்லாம் உடம்பை விட்டுப் போய்விடும். பத்து மணிக்குப் படுக்கும்போது இரத்தத்தில் எதுவும் இல்லை, தூக்கம் முழுதாக உங்களுக்கு. திங்கள் ஓய்வு நாளாகவே இருக்கட்டும். இதே ஒரு பாட்டிலை இரவு ஒன்பதரைக்குக் குடித்தால் விடியற்காலை ஒரு மணிவரை இரத்தத்தில் இருக்கும். பாட்டில் அதுவேதான், நேரம் மட்டும்தான் மாறியிருக்கிறது. பெண்களுக்கு உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே எடையிலும் அதே பாட்டில் கூடுதலாக ஏறும். அளவை இன்னும் குறைத்துக்கொள்ளவேண்டும். குடிக்காதவர்கள் யாரும் இதைப் படித்து ஆரம்பிக்க ஒரு காரணமும் இல்லை.

சரி, சனி இரவு தப்ப முடியவில்லை, குடித்துவிட்டீர்கள். மூன்றரைக்கு அலாரம் அடிக்கிறது. எழுந்து உட்கார்ந்தபடியே நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வழக்கத்தைவிட பத்துத் துடிப்பு கூடியிருந்தால், அன்று லாங் ரன் வேண்டாம். திரும்பிப் படுத்துத் தூங்குங்கள். லாங் ரன்னைத் திங்கள் காலைக்குத் தள்ளலாம், அல்லது சாயங்காலம் மெதுவாகப் பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு அந்த வாரத்தை விட்டுவிடலாம். ஒரு லாங் ரன் போனதால் மாரத்தான் கெட்டதில்லை. தூங்காத உடம்போடு 30 கி.மீ. இழுத்து, அடுத்த பத்து நாள் கெண்டைக்கால் பிடிப்போடு திரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நாடி சரியாக இருந்து கிளம்பினாலும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், கையில் எனர்ஜி ஜெல்லோ பேரீச்சம்பழமோ வைத்துக்கொள்ளுங்கள், பழகிய வேகத்தில் நாடி எங்கே போகிறது என்று பாருங்கள். முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே வழக்கத்தைவிட மேலே நின்றால் திரும்பிவிடுங்கள்.

தலைவலிக்கு மாத்திரை போட்டுவிட்டு ஓடாதீர்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் மது எரித்துவைத்த வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். நீர் குறைந்த உடம்பில் நீண்ட தூரம் ஓடும்போது சிறுநீரகத்தையும் அடிக்கும். அதிகம் குடித்த இரவுக்குப் பின் பாரசிட்டமாலும் ஈரலுக்குச் சுமைதான். நெஞ்சில் துடிப்பு தாறுமாறாக, தாளம் தப்பி அடிப்பதுபோல் தோன்றினால் உடனே நின்றுவிடுங்கள். நிறையக் குடித்த மறுநாள், வேறு நோய் இல்லாத இளைஞர்களுக்கும் இதயத்தின் மேலறைத் துடிப்பு ஒழுங்கு தவறுவது மருத்துவர்களுக்குப் பழக்கமான விஷயம். நின்ற பிறகும் அடங்காவிட்டாலோ, மூச்சுத்திணறலோ தலைசுற்றலோ சேர்ந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள்.

ஜீரோ பீர் பற்றிக் குழுக்களில் அடிக்கடி கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் மாரத்தான் முடிவுக் கோட்டில் ஆல்கஹால் இல்லாத பீர் கொடுப்பது சகஜம். 2009 மியூனிக் மாரத்தான் ஓடிய ஆண்களில் ஒரு பிரிவுக்குப் பல வாரம் தினமும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் கொடுத்துப் பார்த்தார்கள். ஓட்டத்துக்குப் பின் வருகிற சளித்தொல்லையும் அழற்சியும் அவர்களுக்குக் குறைவாக இருந்தன. ஆய்வில் பீர் கம்பெனியின் பணமும் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பலனுக்குக் காரணமாகச் சொன்னதும் தானியத்திலும் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலும் இருக்கிற பொருள்களை, மதுவை அல்ல. நண்பர்களோடு சனி இரவு உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால் கையில் 0.0 என்று போட்ட பாட்டில் இருக்கட்டும். அதில் உப்பு அதிகம் இல்லை, எனவே பக்கத்தில் சுண்டல் ஒரு தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுங்கள்.